நடித்துப் பழகாதவர்களோடு ஒத்திகை: கேமரா ஓடும் முன் செய்ய வேண்டியவை

டீ குடித்தபடி கைகளை ஆட்டி, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சிரித்து, அழகாகப் பேசிக்கொண்டிருப்பார் ஒருவர். அவர் கையில் நான்கு பக்க வசனத்தைக் கொடுத்து "பண்ணுங்க" என்றால் போதும், குரல் மாறிவிடும். உடம்பு விறைத்து, ஒவ்வொரு வரியும் ஒப்பிப்பது போல வரும். முதல் குறும்படம் எடுக்கும் இயக்குநர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறி, "இவருக்கு நடிப்பு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இடம் மாறியது அவருடைய கவனம் மட்டுமே. அரட்டையின்போது அது எதிரில் இருப்பவர் மேல் இருந்தது. இப்போது அடுத்த வரி என்ன, நான் எப்படித் தெரிகிறேன் என்ற இரண்டு கேள்விகளுக்குப் போய்விட்டது. அந்தக் கவனத்தை எதிராளியிடமும் கையில் இருக்கும் வேலையிடமும் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதுதான் ஒத்திகையின் நோக்கம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு பார்ப்போம். அக்கா தையல் வேலை செய்கிறாள். பல வருடம் கழித்து வந்திருக்கும் தம்பிக்கு, அப்பாவின் வீட்டை விற்க அவள் கையெழுத்து வேண்டும். அவளுக்கு விற்க மனமில்லை. திரையில் இரண்டு நிமிடம் வரும். அக்காவாக வருபவர் நிஜமாகவே தையல் வேலை செய்பவர், கேமரா முன் நின்றதே இல்லை. தம்பியாக வருபவர் கல்லூரி நாடகங்களில் கொஞ்சம் நடித்திருக்கிறார்.

ஆளைத் தேடும்போதே பாதி ஒத்திகை

பழகாதவர்களிடம் இல்லாத குணத்தை ஒத்திகையில் கொண்டுவர முடியாது. அமைதியான ஒருவரைக் கடுகடுப்பானவராக மாற்ற முயன்றால் அது நடிப்பாகவே தெரியும். அதனால் பாத்திரத்தின் சுபாவம் ஏற்கெனவே இருப்பவரைத் தேடுங்கள். தேர்வின்போது வசனம் படிக்கச் சொல்ல வேண்டாம். போனை ஒரு ஓரத்தில் வைத்து, படம் எடுப்பதைச் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் அவருடைய வேலையைப் பற்றிப் பேசுங்கள். பிறகு பார்க்கும்போது அழகையோ குரலையோ விட மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அடுத்தவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்கிறாரா? வேலை செய்துகொண்டே பேச வருகிறதா? சிறிது நேரத்தில் கேமராவை மறந்துவிடுகிறாரா? இதில் முதலாவதுதான் முக்கியம். கேட்கத் தெரிந்தவரிடம் மற்றதெல்லாம் மெல்ல வரும். சொல்ல வந்ததை மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர் வாயை மூடக் காத்திருப்பவரிடம் எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் வராது.

முதல் சந்திப்பு: ஸ்கிரிப்ட் பைக்குள் இருக்கட்டும்

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்து மூன்று சந்திப்புகள் போதும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் அவர்கள் உங்களைத் திருப்திப்படுத்துவதற்காகச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பில் கதையை வாயால் சொல்லுங்கள். அக்காவுக்கு அக்காவின் பக்கத்துக் கதை, தம்பிக்குத் தம்பியின் பக்கத்துக் கதை. அப்புறம், படத்தில் இல்லாத ஒரு காட்சியைச் செய்ய வையுங்கள். தம்பி ஊரை விட்டுக் கிளம்பிய நாள், அவன் பையை அக்கா அடுக்கித் தருகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு உண்மையான பையும் துணிகளும் இருக்கட்டும். வசனம் கிடையாது, தோன்றியதைப் பேசலாம். "இது படத்தில் வராது" என்று முன்பே சொல்லிவிடுவதால் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பயம் போய்விடும். "இந்தச் சட்டையை எதுக்குடா எடுத்துட்டுப் போற, காலர் கிழிஞ்சிருக்கு" என்று அவர் தானாகச் சொல்வார். பல வருடம் கழித்து நடக்கும் நம் காட்சிக்கு இது ஒரு நினைவாக வந்து சேர்கிறது. படத்தில் தம்பி வாசலில் வந்து நிற்கும்போது அவர் பார்க்க ஏற்கெனவே ஏதோ ஒன்று இருக்கும்.

நடிப்புப் பயிற்சி வகுப்புகளில் செய்யும் மூச்சுப் பயிற்சி, கண்ணாடி விளையாட்டு போன்றவற்றை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். பழக்கமில்லாதவருக்கு அவை கூச்சத்தைத்தான் கூட்டும். ஒரு நிஜ வேலையைச் சேர்ந்து செய்வது அதைவிட வேகமாக இருவரையும் நெருக்கமாக்கும்.

கைக்கு ஒரு வேலை

பழகாதவர்கள் கேமரா முன் முதலில் கேட்கும் கேள்வி, "கையை எங்கே வைப்பது?" கைக்கு உண்மையான வேலை இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் எந்த வேலை என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தையல்காரர் என்றவுடன் தையல் மெஷின் நினைவுக்கு வரும். மெஷின் ஓடினால் வசனத்தை விழுங்கிவிடும். ஓட்டுவது போலப் பாவனை செய்யச் சொன்னால், நிஜத் தையல்காரரின் உடம்பே பொய் சொல்லும். அதனால் இந்தக் காட்சிக்குத் தையல் பிரிக்கும் வேலையைக் கொடுக்கலாம். ஒரு சட்டையின் பக்கத் தையலைச் சின்ன பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி, நூலைச் சிறு துண்டுகளாக இழுத்து எடுப்பது. சத்தமில்லாத வேலை. துணி கிழியாமல் பார்க்க வேண்டியிருப்பதால் கண்ணும் கவனமும் அங்கே இருந்தே ஆக வேண்டும். பதில் சொல்லப் பிடிக்காத இடத்தில் குனிந்துகொள்ள ஒரு நியாயமும் கிடைக்கிறது. கோபம் வந்தால் நூலை இழுக்கும் வேகம் தானாகவே மாறும், நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு டேக்கிலும் தையல் பிரிந்துபோகும் என்பதால் ஒரே மாதிரி தைத்த சட்டைகள் ஏழெட்டு தயாராக இருக்க வேண்டும். இதைக் கலை இயக்கம் பார்ப்பவரிடம் ஒத்திகையின்போதே சொல்லிவிடுங்கள். தம்பிக்கும் ஏதாவது வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் அவனிடம் இருக்கிறது. அதைச் சட்டைப் பையிலிருந்து எப்போது எடுப்பது என்ற தயக்கமே அவனுக்குப் போதும்.

இரண்டாவது சந்திப்பு: வசனத்தை அவர் வாயிலிருந்து எழுதுவது

இப்போது நிஜக் காட்சிக்கு வரலாம், அப்போதும் காகிதம் இல்லாமல். காட்சியில் தவறாமல் நடக்க வேண்டியவற்றை மட்டும் சொல்லுங்கள். தம்பி வருகிறான், சும்மா விசாரிக்கிறான், காகிதத்தை எடுத்து வைக்கிறான், அவள் வேலையை நிறுத்துகிறாள், கையெழுத்துப் போடாமல் வேறு ஏதோ சொல்கிறாள். இந்த ஐந்து படிகளுக்குள் என்ன பேசினாலும் சரி.

அப்புறம் இருவரையும் தனித்தனியாக அழைத்து ஒரு ரகசியம் சொல்லுங்கள். அக்காவிடம், "அவன் எதுக்கு வந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்க விடாதீங்க. ஏதாவது வேலை சொல்லிக்கிட்டே இருங்க" என்று சொல்லலாம். தம்பியிடம், "அக்கா உன்னை உட்காரச் சொல்ற வரைக்கும் கேக்காதே. ஆனா கையெழுத்து வாங்காம இங்கிருந்து போகவும் கூடாது" என்று சொல்லலாம். ஒருவருக்குச் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாது. அவன் நின்றுகொண்டே இருப்பான், அவள் உட்காரச் சொல்ல மாட்டாள். அந்த இழுபறி உங்கள் வசனத்தில் இல்லாத உயிரைக் காட்சிக்குக் கொடுக்கும்.

இதைக் குரல்பதிவு செய்துகொள்ளுங்கள். இரவு உட்கார்ந்து கேட்டு, உங்கள் ஸ்கிரிப்ட்டை அவர்கள் சொற்களால் மாற்றி எழுதுங்கள். நீங்கள் எழுதியிருந்த வரி இப்படி இருந்திருக்கலாம்: "அப்பா இறந்தபோது எல்லாப் பொறுப்பையும் நான்தானே சுமந்தேன், இப்போது பங்கு கேட்டு வந்து நிற்கிறாயா?" ஒத்திகையில் அவர் நூலை இழுத்துக்கொண்டே சொன்னது இது: "அப்பா போனப்ப நீ போன்தான் பண்ணுன." பொறுப்பு, பங்கு என்ற சொற்கள் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. இப்படிக் கிடைக்கும் வரியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிவிலிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தானாகப் பேசவிட்டால் ஒரே விஷயம் மூன்று முறை வரும், காட்சி ஐந்து நிமிடத்துக்கு நீளும். காட்சியின் எலும்பு உங்களுடையதாக இருக்கட்டும், சொற்கள் அவர்களுடையதாக இருக்கட்டும்.

மாற்றி எழுதியதையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கதைக்குத் தவிர்க்க முடியாத இரண்டு மூன்று வரிகளை மட்டும் குறித்துக் கொடுத்து, மற்றதை அவர்கள் போக்கில் விடுங்கள்.

என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது

"இன்னும் கொஞ்சம் சோகமா", "கோபம் பத்தல" போன்ற சொற்களை ஒத்திகை அறைக்கு வெளியே விட்டுவிடுங்கள். உணர்ச்சியைக் கேட்டால் பழகாதவர்கள் முகத்தில் ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். "அவன் முகத்தைப் பார்க்காம பதில் சொல்லுங்க." "அந்தக் காகிதத்தை அவன் பக்கமே தள்ளுங்க." "இந்தத் தடவை அவனை வெளிய அனுப்பணும், ஆனா திட்டாம அனுப்பணும்." இவற்றைச் செய்யும்போது வேண்டிய உணர்ச்சி அதன் பின்னாலேயே வரும். வராவிட்டாலும், ஒட்டவைத்த சோகத்தைவிட அது மேல்.

ஒரு வரியை நீங்கள் பேசிக்காட்டவும் கூடாது. பேசிக்காட்டினால் அவர் அதன் அர்த்தத்தை விட்டுவிட்டு உங்கள் ராகத்தைப் பிடித்துக்கொள்வார், அதன் பிறகு எத்தனை முறை செய்தாலும் அதே ராகம்தான் வரும். வரி நிற்கவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். பெரும்பாலும் எதிராளி அவரிடம் உண்மையாக எதையும் கேட்டிருக்க மாட்டார். நம் காட்சியில் இந்தச் சிக்கல் தம்பியிடம் வரலாம். நாடகம் பழகியவர் என்பதால் ஒவ்வொரு வரியையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்வார், கேள்வியை அக்காவிடம் கேட்காமல் அறைக்கே கேட்பார். அவரிடம் "குறைச்சுப் பண்ணுங்க" என்று சொல்வதால் பயனில்லை. அக்காவிடம், "அவன் சத்தமா பேசினா உள்ள குழந்தை தூங்குதுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவையுங்கள். இரண்டே முறையில் குரல் இறங்கிவிடும்.

இன்னொன்றில் நான் மிகவும் கறாராக இருப்பேன். அவருடைய சொந்த இழப்பைக் கிளறி அழ வைப்பது வேண்டாம். "உங்க அப்பாவை நினைச்சுக்கோங்க" என்று சொல்வது சுலபம். பயிற்சி பெற்ற நடிகருக்கு அதிலிருந்து வெளியே வரும் வழி தெரிந்திருக்கும், இவருக்கு அது தெரியாது. காட்சி முடிந்து நீங்கள் விளக்குகளைக் கழற்றும்போது அவர் அதோடு தனியாக வீட்டுக்குப் போவார். அதுவும் போக, இரண்டாவது டேக்கில் அந்த அழுகை திரும்ப வராது.

மூன்றாவது சந்திப்பு: இடமும் கேமராவும்

இந்த முறை படப்பிடிப்பு நடக்கும் அறையிலேயே சந்தியுங்கள். தரையில் டேப் ஒட்டி "இங்கே நில்லுங்க" என்றால் பழகாதவர் குனிந்து டேப்பைத் தேடுவார். நாற்காலி, மேஜை முனை, ஜன்னல் ஆகியவற்றை அடையாளமாக வையுங்கள். அவர்கள் எங்கே நின்றால் நன்றாக இருக்கும் என்று முதலில் தீர்மானிக்காமல், காட்சியை ஒருமுறை ஓடவிட்டு எங்கே தானாகப் போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒளிப்பதிவாளரும் கூடவே இருந்து பார்க்கட்டும். கேமராவின் இடத்தை அதற்கேற்ப முடிவு செய்தால் அவர்களைத் திருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

கேமராவை ஸ்டாண்டில் வைத்து, பூம் மைக்கையும் தலைக்கு மேல் பிடித்து ஒத்திகை பாருங்கள். அரை மணி நேரத்தில் அதுவும் அறையில் ஒரு சாமானாகிவிடும். இடம் இருந்தால் 35 மி.மீ. லென்ஸை முகத்தருகே கொண்டுபோவதைவிட 85 மி.மீ. லென்ஸோடு தள்ளி நிற்பது நல்லது. கண் போகும் இடத்தில் ஆட்கள் நிற்கக் கூடாது. அவர் லென்ஸைப் பார்த்துவிட்டால் திட்ட வேண்டாம், "அதைப் பார்க்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். எதிராளியை லென்ஸிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கி நிற்க வையுங்கள், பார்வையும் விலகிவிடும்.

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே பொருந்த வேண்டும் என்ற கன்டினியுட்டிக்காக எல்லா அசைவையும் பிடித்து வைக்க முயலாதீர்கள். எந்தச் சொல்லில் எந்தக் கையில் பிளேடு இருந்தது என்று நினைவூட்ட ஆரம்பித்தால் அவர் கவனம் மறுபடியும் தன் மேலேயே போகும். இரண்டே இடங்களை நிரந்தரமாக்குங்கள். காகிதம் மேஜையில் விழும்போது அவள் பிளேடைக் கீழே வைக்க வேண்டும், கடைசி வரிக்கு முன் அவள் மீண்டும் சட்டையை எடுக்க வேண்டும். காட்சியை வெட்டி ஒட்ட இந்த இரண்டும் போதும். ஒருவர் பேச்சின் மேல் அடுத்தவர் பேசுவதும் இவர்களிடம் இயல்பு. அதைத் தடுத்தால் உயிர் போகும், விட்டால் எடிட்டிங்கில் குரலைப் பிரிக்க முடியாது. ஆளுக்கொரு லேப்பல் மைக் வைப்பதும், முடிந்தால் இரண்டு கேமராக்களை ஓடவிடுவதும் இதற்கு வழி. ஒரே கேமராதான் என்றால், காட்சியின் பெரும்பகுதியை இருவரும் தெரியும் ஒரே நீள ஷாட்டாகத் திட்டமிடுங்கள்.

எப்போது நிறுத்துவது? ஒத்திகை கெட ஆரம்பித்ததை உடம்பு காட்டிக்கொடுக்கும். எதிராளியின் வசனத்துக்கு இவர் உதடு அசையும். பதில் ஒரே இடைவெளியில், ஒரே தாளத்தில் வரும். வரியை முடித்ததும் கண் உங்களைத் தேடும். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். முழுக் காட்சியை நான்கைந்து முறைக்கு மேல் ஓட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் செய்தால் பிரமாதமாக வரும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதே சரி. அந்தப் பிரமாதம் கேமராவுக்கு வரட்டும். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸான் நேர்மாறாக, பழகாதவர்களையே வைத்து, அவர்கள் சொல்லும் வரியில் எந்த உணர்ச்சியும் மிஞ்சாத வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அது வேறு வகை சினிமா, அந்த வறண்ட சாயல் வேண்டும் என்றால் மட்டும் அந்த வழியில் போகலாம்.

ஒத்திகை வீடியோவை அவர்களுக்குக் காட்டாதீர்கள். தன் மூக்கையும் தன் குரலையும் பார்த்து வெட்கப்பட்டுவிட்டால் நீங்கள் இதுவரை கட்டியது எல்லாம் போய்விடும்.

படப்பிடிப்பு நாள்: ரோல் சொல்லும் வரை

முடிந்தவரை கதை வரிசையிலேயே எடுங்கள். பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் இப்படி வரிசையாக எடுப்பதோடு, ஸ்கிரிப்ட்டையும் நடிப்பவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதவரின் முகம் அதை நடித்துக்காட்ட வேண்டியதில்லை.

விளக்கு அமைக்கும்போது வேறு ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். காத்திருப்பு பழகாதவர்களைத் தின்றுவிடும். எல்லாம் தயாரான பிறகே அவரை அழைத்து வந்து, கையில் சட்டையையும் பிளேடையும் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். "இன்னைக்கு கேமரா எப்ப வேணா ஓடும்" என்று காலையிலேயே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும், திருட்டுத்தனமாக எடுப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். அறையில் அவசியமானவர்கள் மட்டும் இருக்கட்டும். சத்தமும் படமும் ஓடத் தொடங்குவதைக் கைஜாடையால் தெரிவித்துக்கொள்ளுங்கள். கிளாப்பை முகத்துக்கு முன் அடிக்காமல் டேக் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கலாம், எடிட்டருக்கு அது புரியும். "ஆக்‌ஷன்" என்ற கத்தலும் வேண்டாம். அவள் இரண்டு மூன்று தையல் பிரிக்கும் வரை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நிற்கும் தம்பிக்குத் தலையசையுங்கள்.

யாரை முதலில் எடுப்பது என்பதை ஒத்திகையிலேயே கவனித்து வைத்திருக்க வேண்டும். பழகாதவர் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு டேக்குகளில்தான் புதிதாக இருப்பார், நாடகம் பழகியவர் போகப்போகச் சரியாவார். வைடு ஷாட்டை முதலில் எடுக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு அக்காவின் நல்ல டேக்குகளைத் தூரத்தில் வீணாக்க வேண்டாம். அவருடைய நெருக்கமான ஷாட்டை முதலில் எடுங்கள்.

டேக்குகளுக்கு இடையில் அருகில் போய், மெல்லிய குரலில், ஒருவருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். மந்தமாகிவிட்டது என்றால் உணர்ச்சியைத் தொடாமல் சூழ்நிலையை மாற்றுங்கள். "வெளிய ஆள் காத்திருக்காங்க, அஞ்சு நிமிஷத்துல இந்தச் சட்டையைக் கொடுக்கணும்" என்றால் அதே வரிகள் வேறு வேகத்தில் வரும். காட்சி முடிந்ததும் உடனே "கட்" சொல்லாமல் பத்து விநாடி பொறுங்கள். வசனம் தீர்ந்துவிட்டது என்று அவர் நினைக்கும் அந்த இடத்தில்தான் சட்டையை மடித்து வைப்பது, மூச்சு விடுவது போன்றவை கிடைக்கும்.

நான்கைந்து டேக்குக்குப் பிறகும் வரவில்லை என்றால் காட்சியைத் துண்டுகளாக்குங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் தம்பியின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து, ஸ்கிரிப்ட்டில் இல்லாத கேள்விகளைக் கேளுங்கள். "அந்த வீட்ல எந்த ரூம் உங்களுது?" அவர் யோசிப்பதையும், பதில் சொல்லாமல் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியின் வசனத்தை அந்த முகத்தின் மேல் போடலாம்.